அவர்கள் அளக்காத டி டூ

கடிதத்தில் மொத்தம் ஏழு வரி. மூன்றாவது வரியில் "ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் உள்ள அளவுகளை நம்ப முடியாது என்பதால் நானே முன்வந்து நீக்கிக்கொள்கிறேன்" என்று இருந்தது. நான் எங்கே முன்வந்தேன்? துறைத்தலைவரே தட்டச்சு செய்து, அடியில் எனக்கு ஒரு கோடும் போட்டு, பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மூணாவது இயலை எடுத்துடு. மிச்சத்தை வச்சுப் பட்டத்தை வாங்கிட்டுப் போய்ப் பொழப்பைப் பாரு. போடலேன்னா வியாழக்கிழமை விசாரணைக் குழு உட்காரும். அளவைத் திருத்தினவள்னு பேர் வந்துட்டா அப்புறம் எந்த லேப்லயும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்குச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குணத்தை மறைக்கவும் எனக்குத் தெரியாது. பேனா மூடியை எடுத்துப் பேனாவை மூடினேன்.

"வியாழக்கிழமையே பாத்துக்கலாம் சார்" என்றேன். வெளியே வந்து கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வீராப்பாகப் பேசுகிறவளுக்கு அழுகை வராது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறு உண்டு. நடுவில் பொந்து, சுற்றிலும் கம்பி கம்பியாகச் சுவர். கூண்டு என்றே சொல்லுவோம். அந்தப் பொந்துக்குள் இன்னொரு சின்ன மூலக்கூறு போய் உட்காரும். அதற்கு விருந்தாளி என்று பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் துறைத்தலைவர் ஒரு கட்டுரை எழுதினார். கூண்டு விருந்தாளியை இறுகப் பிடித்துக்கொள்கிறது, அசையவிடாது என்று அதில் ஒரு படம் போட்டார். அந்தப் படத்தைக் காட்டாமல் அவர் மேடை ஏறியதே கிடையாது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பெரிய காந்தம். எல்லாப் பெருமையும் தானாகப் போய் அவரிடம் ஒட்டிக்கொள்ளும்.

நான் ஏழு வருடம் அந்தக் கூண்டோடு மாரடித்தேன். ஒரு சிட்டிகை கூண்டு செய்ய எட்டு மாதம் ஆகும். கடைசியில் என்.எம்.ஆர். என்ற காந்தக் கருவியில் அளந்து பார்த்தால், விருந்தாளி உள்ளே கட்டிப்போட்டது போல இல்லை. தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் டி ஒன் என்ற தளர்வு நேரம் ஒன்பது விநாடி. அசையாமல் கிடக்கிற விருந்தாளிக்கு அவ்வளவு நேரம் வரவே வராது. அதுதான் என் மூன்றாம் இயல்.

துறைத்தலைவர் நம்பவில்லை. என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நெட்டையனிடம் சரிபார்க்கச் சொன்னார். நெட்டையன் எங்கள் ஆய்வகத்தின் மூத்த ஆராய்ச்சியாளர். ஆறடிக்கு மேல் உயரம், அதைவிட அதிகமாகப் பயம். நான் காற்றை உறிஞ்சி எடுத்து, தீயில் உருக்கி மூடி வைத்திருந்த கண்ணாடிக் குழாயை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அறுத்துத் திறந்தார்கள். கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். கூண்டும் இருந்தது, விருந்தாளியும் இருந்தது. மிச்சத்தை வேறு குழாயில் ஊற்றி, இரண்டு நிமிடம் நைட்ரஜன் ஊதி, மஞ்சள் பிளாஸ்டிக் மூடி போட்டு, கருவியின் வரிசையில் வைத்தார்கள். சனி, ஞாயிறு தாண்டித் திங்கட்கிழமைதான் அதன் முறை வந்தது. டி ஒன் இரண்டு புள்ளி ஆறு விநாடி.

ஒன்பது எங்கே, இரண்டு புள்ளி ஆறு எங்கே. டி ஒன் அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கருவிக்குக் கொடுப்போம். அது வெறும் எழுத்துக்கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். அளந்து முடித்தபிறகு நான் அந்தப் பட்டியலில் எல்லா எண்ணையும் மூன்றரை மடங்கு கூட்டி எழுதிவிட்டேனாம். இதுதான் என்மேல் குற்றச்சாட்டு. தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் பொருந்துகிறது என்று காட்டினேன். அதையும் மாற்றலாம் என்றார்கள்.

காற்று போயிருக்கிறது, ஆக்ஸிஜன் போயிருக்கிறது என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஆக்ஸிஜனுக்கே காந்த குணம் உண்டு. கரைசலில் துளி இருந்தால்கூட, வேகமாகச் சுழலும் மூலக்கூறின் தளர்வு நேரத்தைக் குறைத்துவிடும். "நைட்ரஜன் ஊதியாச்சு" என்றார் துறைத்தலைவர். இரண்டு நிமிடம் ஊதினால் போதுமா, பிளாஸ்டிக் மூடியில் மூன்று நாள் கிடந்தால் திரும்ப உள்ளே வராதா என்று கேட்டேன். "கணக்கு தப்பா வந்தா எல்லாரும் ஆக்ஸிஜன் மேலதான் பழி போடுவாங்க" என்று சிரித்தார். சரி, மறுபடி காற்றை எடுத்துவிட்டு அளங்கள் என்றேன். "அந்தக் குழாய் இப்ப ஆதாரம். குழு கூடுற வரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது. உன் கை பட்டா அப்புறம் கேக்கவே வேண்டாம்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். புதிதாகக் கூண்டு செய்ய எட்டு மாதம். வியாழக்கிழமைக்கு மூன்று நாள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா தன் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் செவிலியர், ஸ்கேன் எடுக்கும் பிரிவில் வேலை. நான் அவள் வீட்டில்தான் ஏழு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பையை நான் வீசிய சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னடி, யாரைக் கடிச்சு வச்சுட்டு வந்தே?"

எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"போட்டுக் குடுத்துடேன்."

"என்னது?"

"கையெழுத்தைத்தான். ஒரு இயல் போனா போகட்டும். முப்பத்திமூணு வயசாகுது உனக்கு. பட்டத்தை வாங்கிட்டு வெளிய வா. யாரு உட்கார்ந்து அந்த விருந்தாளி சுத்துதா படுத்துக் கெடக்கான்னு பாக்கப் போறா?"

"நான் பொய் எழுதினேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா அக்கா?"

"பொய்னு எங்கடி இருக்கு? நம்ப முடியலைன்னுதானே போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

உள்ளறையிலிருந்து அத்தான் குரல் வந்தது. "காந்தத்தோட எல்லாம் மல்லுக்கட்டாதே, ஒட்டிக்கிட்டா பிரிக்க முடியாது." அவர் பேருந்து ஓட்டுகிறவர். அடுத்த முறைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அக்கா ஒரு கையை இஸ்திரி மேசையில் ஊன்றி யோசித்தாள். "எங்க ஸ்கேன்லயும் டி ஒன், டி டூன்னு ரெண்டு விதமாப் படம் எடுப்பாங்களே. அதே சமாச்சாரமா?"

"அதேதான். நீங்க தண்ணியையும் கொழுப்பையும் பாக்குறீங்க. நாங்க மூலக்கூறைப் பாக்குறோம்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லேன். என் தங்கச்சி எதுக்குப் பட்டத்தை விடப் போறான்னாவது தெரிஞ்சுக்கறேன்."

சொன்னேன். காந்தத்துக்குள் அணுக்கருக்கள் எல்லாம் மொத்தத்தில் காந்தத்தின் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் அந்த நிலை கலையும். வாங்கிய சக்தியைச் சுற்றுப்புறத்திடம் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் டி ஒன். அந்தச் சக்தி சும்மா போகாது. பக்கத்தில் அதே வேகத்தில் ஏதாவது ஆட வேண்டும். ஊஞ்சலை அதன் வேகத்துக்கே தள்ளினால்தான் ஏறும், சடசடவென்று தட்டினால் ஏறாது. சின்ன மூலக்கூறு அளவுக்கு மீறிய வேகத்தில் சுழல்கிறது, அதனால் சக்தி கைமாறுவது கஷ்டம், டி ஒன் நீளம்.

"சரி. டி டூ?"

"தட்டின உடனே எல்லாக் கருவும் ஒரே தாளத்துல சுத்த ஆரம்பிக்கும். போகப் போக ஒண்ணுக்கொண்ணு தாளம் தப்பிடும். அதுக்கு ஆகற நேரம் டி டூ. மூலக்கூறு வேகமா உருண்டுக்கிட்டே இருந்தா, பக்கத்துல இருக்கறதோட இழுப்பு எல்லாப் பக்கமும் சராசரியாகிப் போயிடும். தாளம் ரொம்ப நேரம் நிக்கும். மெதுவா உருண்டா ஒவ்வொண்ணும் ஒரே இழுப்புல ரொம்ப நேரம் மாட்டிக்கும், தாளம் சீக்கிரம் போயிடும். அதனால வேகமா சுத்துறதுக்கு டி ஒன்னும் டி டூவும் கிட்டத்தட்ட சமமா வரும். மெதுவா சுத்துறதுக்கு டி டூ பாதாளத்துக்குப் போயிடும்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். காலரை அழுத்தினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அவங்க அளந்ததுல டி டூ எவ்வளவு?"

"டி ஒன் ரெண்டு புள்ளி ஆறு" என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"ரெண்டு நம்பர்னு நீதானே சொன்னே. வந்ததுலேர்ந்து ஒரு நம்பரையே சொல்லிப் பொலம்பிட்டிருக்கே. ரெண்டாவது என்ன ஆச்சு?"

ரெண்டாவதை யாரும் அளக்கவில்லை. டி ஒன் குறைந்தது என்றவுடன் என்னைப் பிடித்த சந்தோஷத்தில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். கோபத்தில் எனக்கும் அது தோன்றவில்லை. ஏழு வருடம் இதையே படித்தவள், இஸ்திரி போடுகிறவள் கேட்டபிறகு விழிக்கிறேன்.

காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். விருந்தாளி இறுகப் பிடிபட்டிருந்தால் அது கூண்டோடு சேர்ந்தேதான் உருள வேண்டும், கூண்டின் வேகத்தில். கூண்டு கனமானது, மெதுவாக உருளும். கூண்டுக்கு டி ஒன் ஒன்று புள்ளி இரண்டு, டி டூ வெறும் புள்ளி ஒன்று நான்கு. எட்டில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. துறைத்தலைவர் சொல்வது நிஜமானால் விருந்தாளியின் டி டூவும் அதே போல விழுந்து, விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் காரணம் ஆக்ஸிஜன் என்றால் கதை வேறு. ஆக்ஸிஜன் இரண்டு தளர்வையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் முடுக்கும். இரண்டு நேரமும் ஒன்றாகக் குறையும், ஆனால் சமமாகவே நிற்கும். அவர்கள் குழாயைத் திறக்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். அதே குழாய், அதே மஞ்சள் மூடி, டி டூவை மட்டும் அளந்தால் போதும்.

"அக்கா, உன்னைக் கட்டிக்கணும் போல இருக்கு."

"சூடா பெட்டி இருக்கு கையில, தள்ளி நில்லு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "அதுலயும் அவங்க நம்பர் சரியா வந்துட்டா?" என்று கேட்டாள்.

"அப்ப கையெழுத்துப் போட்டுடறேன். நான் தப்புன்னு ஒத்துக்கறதுல எனக்கு வெக்கமே இல்ல. தப்பு பண்ணாம ஒத்துக்க மாட்டேன்."

புதன்கிழமைதான் நெட்டையனைப் பிடிக்க முடிந்தது. கருவி அறைக்கு வெளியே, திரவ நைட்ரஜன் கலத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. நல்ல மூளைக்காரன். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"டி டூ அளந்திருக்கணும்" என்றான், தனக்குத்தானே சொல்வது போல.

"இப்ப அளந்து பாரேன்."

"சாவி அவர்கிட்ட இருக்கு. அவர் சொல்லாம நான் தொட்டா என் வேலை போயிடும்."

"என் ஏழு வருஷம் போனா பரவாயில்லையா?"

அவன் கலத்தின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவன்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை குழு கூடியது. குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. துறைத்தலைவர், நெட்டையன், வெளியிலிருந்து வந்த இயற்பியல் பேராசிரியை ஒருவர். நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டிய மேடம், முன்னால் ஒரு நோட்டு, ஒரு பென்சில். துறைத்தலைவர் இருபது நிமிடம் பேசினார். கடைசியில் அதே ஏழு வரிக் கடிதத்தை மேசையில் என் பக்கம் தள்ளினார்.

"இப்பவும் வழி இருக்கு. குழு பெருந்தன்மையா நடந்துக்கும்."

"குழுவோட பெருந்தன்மை எனக்கு வேண்டாம் சார். குழுவோட அரைமணி நேரம் போதும்" என்றேன்.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "என்ன செய்யணும்?"

சொன்னேன். குழாயைத் திறக்காமல், என் கை படாமல், நெட்டையனே டி டூ அளக்கட்டும். மேடம் சில விநாடி யோசித்துவிட்டு நோட்டில் ஏதோ கணக்குப் போட்டார். துறைத்தலைவர் சிரித்தார்.

"இது திசைதிருப்பற வேலை. பிரச்சினை டி ஒன்."

"இல்ல சார்" என்றார் மேடம். "விருந்தாளி மெதுவா இருக்கா வேகமா இருக்காங்கறதுதான் பிரச்சினை. இது அதுக்கு நேரடியா பதில் சொல்லும். அளக்கறதுக்கு முன்னால ரெண்டு பேரும் என்ன வரும்னு எழுதிக் குடுத்துடுங்க. அப்புறம் யாரும் பேச்சு மாத்த வேண்டாம்."

நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தார். துறைத்தலைவர் எழுதியது: புள்ளி மூன்று விநாடி. நான் எழுதியது: இரண்டுக்கு மேல். மேடம் இரண்டையும் மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

கருவி அறைக்குப் போனோம். வாசலில் கைக்கடிகாரம், வங்கி அட்டை, சாவிக்கொத்து எல்லாம் தட்டில் போட வேண்டும். மேடம் கூந்தலிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்து வைத்தார், மொத்தம் ஒன்பது. உள்ளே காந்தம் வெள்ளைத் தொட்டி போலக் கால் ஊன்றி நின்றது. நெட்டையன் குழாயைத் துடைத்து, காற்றுமெத்தை மேல் விட்டு, உள்ளே இறக்கினான். மஞ்சள் மூடி கண்ணிலிருந்து மறைந்தது. நான் சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று.

டி டூ அளப்பது இப்படி. முதலில் ஒரு தட்டு. பிறகு சின்னச் சின்ன இடைவெளியில் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காந்தத்தில் இடத்துக்கு இடம் இருக்கும் சிறு வித்தியாசத்தால் தப்பிய தாளத்தை அந்தத் தட்டுகள் மீட்டுக்கொடுத்துவிடும். மூலக்கூறுகளின் அசைவால் தப்பியதை மீட்க முடியாது. அப்படித் தட்டும் நேரத்தை நீட்டிக்கொண்டே போய், எவ்வளவு வேகமாகச் சத்தம் அடங்குகிறது என்று பார்ப்பது. நெட்டையன் பத்து நேரங்கள் கொடுத்தான், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் பதினைந்து விநாடி ஓய்வு. இருபத்தைந்து நிமிடம் ஓடியது. தப்பாகிப் போனால் என்ற பயம் எனக்கும் இருந்தது.

திரையில் பத்து கோடுகள் படிப்படியாக இறங்கின. புள்ளி மூன்று விநாடி என்றால் ஒரு விநாடிக்குள் கோடு படுத்திருக்க வேண்டும். இரண்டு விநாடி தாண்டியும் நிமிர்ந்துதான் நின்றது. நெட்டையன் பொருத்திப் பார்த்தான். எண் வந்தது. இரண்டு புள்ளி நான்கு.

மேடம் மடித்து வைத்த தாள்களை எடுத்துப் பிரித்தார்.

துறைத்தலைவர் திரையைப் பார்த்தார். பிறகு நெட்டையனைப் பார்த்தார்.

"நேரப் பட்டியல்ல என்ன போட்டே?"

"இதோ சார், திரையிலயே இருக்கு."

"தட்டுகளோட அமைப்பு தப்பா இருக்கும். இல்லேன்னா இந்த நம்பர் வராது. நேத்து இவ உன்கிட்ட வந்து பேசினாளாமே. ரெண்டு பேரும் சேந்து என்னடா பண்ணி வச்சிருக்கீங்க?"

நெட்டையனின் காது மடல் சிவந்துவிட்டது. என் பக்கம் சரி என்பது அந்த எண்ணிலேயே நிரூபணமாகிவிட்டது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று நாளாக என்னிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் இப்போது அவனிடம் சொல்கிறார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன் சார், உங்களுக்குப் பிடிக்காத நம்பர் யாருக்கு வந்தாலும் அவன் திருடனா? நேத்து நான் இவரைப் பயந்தாங்கொள்ளின்னு திட்டிட்டுப் போனேன். அதைத்தான் பேசினேன். வேணும்னா கேட்டுக்கோங்க."

அப்போதுதான் நெட்டையன் நாற்காலியிலிருந்து எழுந்தான். எழுந்து நின்றபோது அவன் எவ்வளவு உயரம் என்று எனக்கே புதிதாகத் தெரிந்தது.

"சார், நீங்க உட்காருங்க" என்றான். நாற்காலியைத் திருப்பி அவர் பக்கம் வைத்தான். "நேரப் பட்டியலை நீங்களே எழுதுங்க. தட்டுகளை நீங்களே அமைங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கறோம். மேடம் உங்க பக்கத்துல இருக்கட்டும்."

"நல்ல யோசனை" என்றார் மேடம்.

துறைத்தலைவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று தெரியாது. மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. உட்கார்ந்தார். நாங்கள் வெளியே வந்து கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். விசைப்பலகையில் அவர் ஒற்றை விரலால் எண்களைத் தேடித் தேடி அடிப்பது தெரிந்தது. அரைமணி நேரம் அப்படியே நின்றோம். ஒரே ஒரு தடவை அவன், "காற்றை நான் சரியா எடுத்திருக்கணும். வால்வு வச்ச குழாய் அலமாரியிலேயே இருந்துது. சீக்கிரம் குடுன்னு சொன்னார்னு பிளாஸ்டிக் மூடி போட்டுட்டேன்" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மேடம் கதவைத் திறந்து கூப்பிட்டார். துறைத்தலைவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையில் அவரே அமைத்து, அவரே ஓட்டி, அவரே பொருத்திய எண். இரண்டு புள்ளி மூன்று.

கடைசியில் அவர் திரும்பாமலே சொன்னார்: "காற்றை எடுத்துட்டுப் பாரு."

நெட்டையன் கரைசலை வால்வுக் குழாய்க்கு மாற்றினான். திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மேலே இருக்கும் காற்றை உறிஞ்சி, மூடி, உருகவிட்டு, மறுபடி உறையவைத்து, இப்படி நான்கு தடவை. ஒவ்வொரு தடவை உருகும்போதும் கரைசலிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் மேலே வந்தன. மேடம் குனிந்து அவற்றைக் கவனித்தார். நான்காவது தடவை குமிழி வரவில்லை. மூன்று மணிக்கு டி ஒன் வந்தது. எட்டு புள்ளி எட்டு விநாடி. விருந்தாளி கூண்டுக்குள் சுழன்றுகொண்டுதான் இருந்தது, அன்றும், நான் அளந்த அன்றும், அவர் படம் போட்ட அந்தப் பன்னிரண்டு வருடமும்.

துறைத்தலைவர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். குரல் பழையபடி மெத்தென்று ஆகியிருந்தது.

"நல்லதாப் போச்சு. அறிவியல்னா இப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் சரிபாக்கணும். மூணாவது இயல் அப்படியே இருக்கட்டும். கடிதத்தைக் கிழிச்சுடலாம். குழு கூடினதுக்கு ரெண்டு வரி குறிப்பு மட்டும் எழுதி வச்சுட்டு எல்லாரும் வேலையைப் பாக்கலாம்."

அந்த இரண்டு வரியை அவரே சொல்ல, மேடம் எழுதினார். "மாதிரியைக் கையாண்ட விதத்தில் ஏற்பட்ட வேறுபாட்டால் ஒரு தவறான புரிதல் எழுந்தது. அது சுமுகமாகத் தீர்க்கப்பட்டது." படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார்கள்.

படித்தேன். மறுபடி படித்தேன். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா முகம் நினைவுக்கு வந்தது. இங்கே வாயை மூடிக்கொண்டு போட்டால் நாளைக்கே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. அவர்தான் இன்னும் என் துறைத்தலைவர்.

பேனாவை வாங்கினேன். "தவறான புரிதல்" என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே "பொய்க் குற்றச்சாட்டு" என்று எழுதினேன். "சுமுகமாக" என்பதையும் அடித்தேன். அங்கே "துறைத்தலைவரே எடுத்த அளவீட்டின் மூலம்" என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"இது ரொம்ப அதிகம்மா" என்றார்.

"திங்கட்கிழமைலேர்ந்து என்னை இந்தத் துறையில எல்லாரும் எப்படிப் பாத்தாங்கன்னு எனக்குத் தெரியும் சார். அவங்க எல்லாரும் இதைப் படிக்கணும். நீங்க போடலேன்னா நானும் ஆய்வேட்டைக் குடுக்கல. இங்கேயே உட்கார்ந்திருக்கேன். ஏழு வருஷம் இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள் இருக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "நான் பார்த்ததும் இதுதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தாளை இழுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அடுத்து நெட்டையன், யாரும் கேட்காமலே, முன்னால் வந்து போட்டான். தாள் திரும்ப அவரிடம் போனது.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. அது என் கவலை இல்லை.